கையெழுத்துத் தமிழ்க் கடிதத்தைப் படியெடுத்தல்: நாள்வரி, விளி, பத்தி, முடிப்பு ஆகியவற்றின் எல்லைகள்

முன்னுரை

மலாயாத் தோட்டப்புறங்களிலிருந்து ஊருக்கும், ஊரிலிருந்து தோட்டங்களுக்கும் எழுதப்பட்ட கடிதங்கள் இன்றும் பல குடும்பங்களின் தகரப் பெட்டிகளில் உள்ளன. இவற்றைக் கணினியில் படியெடுத்துத் தருமாறு மாணவர்களிடம் கேட்டால், எழுத்துகளைப் பெரும்பாலும் பிழையின்றிப் படித்துவிடுகின்றனர். ஆயினும் அவர்கள் தரும் படியில் தாளின் அமைப்பு இருப்பதில்லை. தமிழ்ப்பள்ளியில் பயின்ற கடித வடிவமே இருக்கும். முகவரி ஒரு மூலையில், திகதி அதற்குக் கீழே, விளி இடப்புறம், பொருளுக்கு ஏற்பப் பிரித்த மூன்று பத்திகள், இறுதியில் கையொப்பம் என்று எல்லாம் ஒழுங்காக அமைந்திருக்கும். எழுதியவர் அவ்வாறு எழுதியிருக்கமாட்டார். அவர் நிறுத்தக்குறியின்றி, பத்தியின்றித் தாளின் விளிம்பிலிருந்து விளிம்புவரை எழுதியிருப்பார்.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. தாளில் பத்தி இல்லை என்பதால், படியிலும் பிள்ளையார் சுழி முதல் கையொப்பம் வரை ஒரே தொகுதியாகத் தட்டச்சு செய்துவிடுகின்றனர். முதல் தவறு இல்லாத அமைப்பைச் சேர்க்கிறது. இரண்டாவது, இருக்கும் அமைப்பை அழிக்கிறது. கடிதத்தின் உறுப்புகள் தமிழில் பெரும்பாலும் வெற்றிடத்தால் பிரிக்கப்படுவதில்லை, சொற்களால் பிரிக்கப்படுகின்றன. அச்சொற்களை அறிந்து எல்லைகளைக் காண்பது எவ்வாறு என்பதையும், எல்லை பிசகினால் கடிதத்தின் செய்தியே எவ்வாறு மாறிவிடும் என்பதையும் ஒரே கடிதத்தைக் கொண்டு இக்கட்டுரையில் விளக்க முற்படுகின்றோம்.

எடுத்துக்காட்டுக் கடிதம்

தனியார் கடிதங்களை வெளியிடுவதில் உள்ள இடர்ப்பாடு கருதி, 1930களிலும் 1940களின் தொடக்கத்திலும் வழங்கிய கடித மரபுகளைக் கொண்டு ஒரு மாதிரிக் கடிதத்தை நாமே அமைத்துக்கொண்டோம். பெயர்களைத் தவிர்த்துள்ளோம். தோட்டத்தில் இருக்கும் ஒருவர் ஊரிலுள்ள தம் தாய்மாமனுக்கு எழுதுவதாக அது அமைகிறது. தாளில் உள்ளவாறே, வரிக்கு வரி எண்ணிட்டுக் கீழே தருகின்றோம்.

1. உ
2. சிவமயம்
3. சுங்கைசிப்புட்
4. விஷு௵ ஐப்பசி௴ ௰௨௳ செவ்வாய்
5. ம-ரா-ரா-ஸ்ரீ மாமா அவர்கள் சமுகத்துக்கு மருமகன்
6. அநேக நமஸ்காரம் இவ்விடம் யாவரும் க்ஷேமம் அவ்விடம்
7. தங்கள் க்ஷேமத்துக்கு எழுதிவரவும் நிற்க தாங்கள் எழு
8. திய காகிதம் கிடைத்து சங்கதி அறிந்தேன் தம்பிக்குக் காய்ச்சல்
9. கண்டு ஆசுபத்திரியில் ௮ நாளாய் இருக்கிறான் சென்ற
10. மாதம் வெள்ளி ௰௫ மணியாடர் செய்தேன் கிடைத்ததா
11. தெரியவில்லை      நிற்க கங்காணியார் ஊருக்கு வருகிறார்
12. அவர் வசம் வேஷ்டி ௨ கொடுத்திருக்கிறேன் அத்தைக்கு என்
13. நமஸ்காரம் சொல்லவும் தங்கள் பதிலை எதிர்பார்க்கும்
14. மருமகன்
15. (கையொப்பம்)

இடப்புற ஓரத்தில், தாளைத் திருப்பிக் கீழிருந்து மேலாக எழுதியது: தம்பிக்கு இப்போது சுகம் பயப்படவேண்டாம்

இக்கடிதத்தில் தம்பியின் உடல்நிலை பற்றி மூன்று கூற்றுகள் உள்ளன. ஆறாம் வரி யாவரும் க்ஷேமம் என்கிறது. எட்டாம் ஒன்பதாம் வரிகள் அவன் மருத்துவமனையில் இருப்பதாகக் கூறுகின்றன. ஓரத்து வரி அவனுக்கு இப்போது சுகம் என்கிறது. ஒரே தொகுதியாகப் படிப்பவருக்கு இவை முரண்களாகத் தோன்றும். உறுப்புகளைப் பிரித்துப் படித்தால் முரண் ஏதுமில்லை. முதலாவது விளியைச் சார்ந்த வழக்குத் தொடர், இரண்டாவது செய்தி, மூன்றாவது, கடிதம் முடிந்தபின் எழுதியது. ஒவ்வொரு கூற்றும் எந்த அளவுக்கு நம்பத்தக்கது என்பதை அது நிற்கும் இடமே தீர்மானிக்கிறது.

தாளிலிருந்து படிக்கு

படியெடுத்தலை இரண்டு சுற்றுகளாகச் செய்வது நலம். முதற்சுற்றில் தாளின் ஒவ்வொரு வரிக்கும் எண்ணிட்டு, வரி முறியும் இடத்திலேயே முறித்து, உள்ளவாறு எழுதிக்கொள்ள வேண்டும். இக்கட்டத்தில் எது விளி, எது பத்தி என்று சிந்திக்கவேண்டியதில்லை. சிந்தித்தால் கை தானாகவே திருத்தத் தொடங்கிவிடும். ஏழாம் வரி இறுதியில் ‘எழு’ என நின்று எட்டாம் வரியில் ‘திய’ எனத் தொடர்கிறது. பழைய கையெழுத்துகளில் இணைப்புக்கோடு இடும் வழக்கம் அரிது. இங்கே ஒரு சொல்தான் முறிந்துள்ளது என்பதைப் படியெடுப்பவர் குறிக்கவில்லையெனில், பின்னர்த் தேடுபவருக்கு ‘எழுதிய’ என்னும் சொல் கிடைக்காது. பதினோராம் வரியில் ‘நிற்க’ என்பதற்கு முன் உள்ள அகன்ற இடைவெளியையும் இச்சுற்றிலேயே குறித்துக்கொள்ள வேண்டும். ஏழாம் வரியில் உள்ள ‘நிற்க’ அத்தகைய இடைவெளியின்றி நிற்கிறது. இவ்வேறுபாடு பின்னர்ப் பயன்படும்.

இரண்டாம் சுற்றில்தான் உறுப்புகளின் எல்லைகளைக் குறிக்கவேண்டும். அப்போதும் வரிகளை இடம் மாற்றுதல் கூடாது. திகதி கடிதத்தின் அடியில் இருந்தால் படியிலும் அடியிலேயே இருக்கட்டும்; அது நாள்வரி என்று குறித்தாலே போதும். உறுப்பைப் பிரித்தல் என்பது பெயரிடுதலே. வரிகளை இடம் பெயர்த்தல் வேறு ஒரு வேலை.

நாள்வரி

முதல் வரியில் உள்ள ‘உ’ பிள்ளையார் சுழி. தமிழ் எண்ணில் 2 என்பதும் ஏறத்தாழ இதே வடிவுடையது. கட்டாக வந்த கடிதங்களில் இதனைத் தாளின் பக்க எண் என்று கொண்டு, ‘முதல் பக்கம் கிடைக்கவில்லை’ எனக் குறிப்பெழுதிய படிகளைக் கண்டிருக்கின்றோம். தாளின் நடுவில் தலைப்பகுதியில், தெய்வப் பெயருக்கு மேலே தனித்து நிற்பது சுழியே. இதுவும் ‘சிவமயம்’ என்பதும் நாள்வரியைச் சார்ந்தவை அல்ல, விளியும் அல்ல. இவற்றைத் தனி முகப்பாகக் குறிக்கவேண்டும். நாற்கூறு என்று கணக்கிட்டுக்கொண்டு இவற்றை ஏதேனும் ஒன்றில் அடைத்துவிடும் போக்கு தவறானது.

மூன்றாம் நான்காம் வரிகள் நாள்வரி ஆகும். இடப்பெயரும் காலமும் சேர்ந்ததே நாள்வரி. இங்குள்ள ௵, ௴, ௳ ஆகிய குறிகள் முறையே வருடம், மாதம், நாள் ஆகியவற்றைக் குறிப்பவை. 2003 இல் வெளியான ஒருங்குறி 4.0 பதிப்பிலேயே இவை இடம்பெற்றுவிட்டன. ஆகவே இவற்றை விரித்து ‘வருஷம்’ என எழுதவேண்டிய தேவை இன்று இல்லை. விரித்தெழுதுதல் தேவையெனில் அதனைக் குறிப்பில் தருவதே முறை.

அடுத்து நாளின் எண். ‘௰௨’ என்பது பத்தும் இரண்டும், அதாவது 12. ‘௨௰’ என்பது இரண்டு பத்து, அதாவது 20. பழைய தமிழ் எண் முறையில் ௰ முன்னால் நின்றால் கூட்டவேண்டும். அதற்கு முன் ஓர் எண் நின்றால் பெருக்கவேண்டும். இடமதிப்பு முறைக்குப் பழகிய மாணவர் கண்ணுக்கு இவ்விரண்டும் எளிதில் இடம் மாறித் தோன்றும். போதாக்குறைக்கு ௰ என்பது ‘ய’ போலவும் ௨ என்பது ‘உ’ போலவும் இருத்தலின், ‘யஉ’ என்று பொருளற்ற எழுத்துகளாகப் படியெடுத்துவிடுதலும் உண்டு. ஒன்பதாம் வரியில் உள்ள ௮ என்பதும் இத்தகையதே. அது 8, ‘அ’ அன்று.

இதனைக் கிழமையைக் கொண்டு சரிபார்க்கலாமே என்று தோன்றும். இங்கே ஒரு பொறி உள்ளது. விஷு ஆண்டு 1941 ஏப்ரல் நடுவில் தொடங்கியது; ஐப்பசி அவ்வாண்டு அக்டோபர் நடுவில் பிறந்தது. மாதம் வெள்ளிக்கிழமை, அதாவது அக்டோபர் 17 அன்று பிறந்ததாகக் கொண்டால், 12ஆம் நாள் அக்டோபர் 28, செவ்வாய். வாக்கியப் பஞ்சாங்கத்திற்கும் திருக்கணிதப் பஞ்சாங்கத்திற்கும் மாதப் பிறப்பில் ஒரு நாள் வேறுபடும் ஆண்டுகள் உண்டு. அவ்வாறு ஒரு நாள் முன்னதாக, வியாழனன்று பிறந்ததாகக் கொண்டால், 20ஆம் நாள் நவம்பர் 4; அதுவும் செவ்வாய். பன்னிரண்டுக்கும் இருபதுக்கும் இடையே எட்டு நாள். எட்டு நாள் என்பது கிழமையில் ஒரே நாள் மாற்றம். பஞ்சாங்க வேறுபாடும் ஒரே நாள். இரண்டும் ஒன்றையொன்று ஈடுசெய்துவிடுவதால், தவறாகப் படித்தவருக்கும் கிழமை ‘பொருந்தி’ வந்துவிடும். எனவே கிழமை பொருந்துகிறது என்பதை மட்டும் சான்றாகக் கொள்ளாமல், எண்ணின் வரிசையைத் தாளில் மீண்டும் நோக்கியே முடிவு செய்யவேண்டும். எந்தப் பஞ்சாங்கத்தைக் கொண்டோம் என்பதையும் குறிப்பில் எழுதவேண்டும்.

எட்டு நாள் அவ்வளவு பெரிதா எனக் கேட்கலாம். 1941 திசம்பர் 8 இல் சப்பானியப் படை கோத்தா பாருவில் இறங்கியது. அதற்கு முந்தைய வாரங்களில் இங்கிருந்து சென்ற கடிதங்களை வரிசைப்படுத்தும் ஆய்வாளருக்கு, அக்டோபர் இறுதியா நவம்பர் தொடக்கமா என்பது பொருட்படுத்தத்தக்க வேறுபாடுதான்.

ஆண்டுப் பெயர் அறுபதாண்டுச் சுழற்சியில் மீண்டும் வருவது என்பதையும் மறத்தலாகாது. விஷு 1881 இலும் வந்தது. 2001 இலும் வந்தது. நாள்வரி மட்டும் இதனைத் தீர்க்காது. உறையில் உள்ள அஞ்சல் முத்திரை, தாள், கடிதத்தின் உட்செய்தி ஆகியவையே தீர்க்கும். கடிதத்தில் ரப்பர் பால்வெட்டு பற்றிய செய்தி இருந்தால் 1881 தானாகவே விலகிவிடும். மலாயாவில் ரப்பர்த் தோட்டங்கள் 1890களில்தான் தோன்றின. உறையைக் கழித்துவிட்டுக் கடிதத்தை மட்டும் நகலெடுத்துத் தருவோர் இத்தகைய சான்றை இழந்துவிடுகின்றனர்.

நாள்வரியைத் தனியே குறிப்பதனால் வேறொரு பயனும் உண்டு. ஒன்பதாம் பத்தாம் வரிகளில் ‘சென்ற மாதம் வெள்ளி ௰௫’ என வருகிறது. மலேசியத் தமிழருக்கு வெள்ளி என்பது கிழமையுமாகும், பணமுமாகும். இங்கே மணியாடர் என்னும் சொல் பின்வருவதால் பதினைந்து வெள்ளி என்பது தெளிவு. ஆயின் நாள்வரியையும் உடலையும் பிரிக்காத படியில் காலக் குறிப்புகளைத் தேடித் தொகுப்பவர், இதனைச் ‘சென்ற மாதம் 15, வெள்ளிக்கிழமை’ எனக் கொள்வதற்கு முழு வாய்ப்பும் உண்டு.

விளி எங்கே முடிகிறது?

ஐந்தாம் வரியில் ‘ம-ரா-ரா-ஸ்ரீ’ என்பது மகா ராச ராச ஸ்ரீ என்பதன் சுருக்கம். பல கையெழுத்துகளில் ‘ரா’ சுழித்து ‘ள’ போலத் தோன்றும். அச்சிலும் அதனை ‘ம-ள-ள-ஸ்ரீ’ என்றே கண்டிருப்போம். தாளில் எவ்வடிவில் உள்ளதோ அவ்வடிவில் படியெடுத்து, விரிவைக் குறிப்பில் தருதல் நன்று.

இக்கால வழக்கில் ‘அன்புள்ள மாமா அவர்களுக்கு’ என்ற அளவில் விளி முடிந்துவிடும். பழைய அமைப்பில் அவ்வாறில்லை. ‘இன்னார் சமுகத்துக்கு இன்னார் அநேக நமஸ்காரம்’ என்று பெறுநரையும் எழுதுநரையும் ஒரே தொடரில் சேர்த்துக் கூறுவது மரபு. ‘எழுதிக்கொண்டது என்னவென்றால்’ என்று முடியும் தொடர்களும் இவ்வகையினவே. அவற்றில் வாக்கியம் முடியாமலே செய்திக்குள் நுழைந்துவிடும். எனவே பெறுநர் பெயர் முடிந்தவுடன் கோடு கிழித்துவிட்டால், எழுதியவர் தம்மைக் கூறிய பகுதி பத்திக்குள் சென்று அனாதையாகிவிடும். இம்மாதிரிக் கடிதத்தில் விளி ஐந்தாம் வரியில் தொடங்கி ஆறாம் வரியின் ‘நமஸ்காரம்’ வரை செல்கிறது.

அதற்கு அடுத்து வருவதுதான் சிக்கல். ‘இவ்விடம் யாவரும் க்ஷேமம் அவ்விடம் தங்கள் க்ஷேமத்துக்கு எழுதிவரவும்’ என்பது விளியா, முதற்பத்தியா? இதில் கூற்றும் உள்ளது, வேண்டுகோளும் உள்ளது. ஆகவே உடலைச் சார்ந்தது என்பாரும் உளர். நாம் இதனை விளியோடு சேர்க்கின்றோம். காரணம், எழுதியவரே ‘நிற்க’ என்று கூறி அதனை முடித்துவைக்கின்றார். ‘அது நிற்க’ என்பதே அச்சொல்லின் பொருள். அதற்கு முன்னுள்ளது மரபுக்காகக் கூறியது. பின்னுள்ளதே சொல்ல வந்தது. தோட்டத் தொழிலாளர் உடல்நலம் பற்றிக் கடிதங்களைக் கொண்டு ஆராய்பவர், இவ்வழக்குத் தொடரைச் செய்தியாக எண்ணினால், எல்லாத் தோட்டங்களிலும் எல்லா ஆண்டுகளிலும் யாவரும் நலமாக இருந்தனர் என்னும் முடிவுக்கே வருவார்.

இவ்விதிக்கு ஒரு விலக்கு வேண்டும். எழுதுபவர் வழக்குத் தொடரை மாற்றியிருந்தால், எடுத்துக்காட்டாக ‘இவ்விடம் நான் மட்டும் க்ஷேமம்’ என்று எழுதியிருந்தால், அது வழக்குத் தொடர் அன்று. மரபை மீறிய இடத்தில் செய்தி தொடங்கிவிட்டது. அத்தொடரை முதற்பத்தியில் வைத்து, ஏன் வைத்தோம் என ஒரு குறிப்பு எழுதவேண்டும். எத்தனை கடிதங்களில் தொடர் மாறாமல் உள்ளது என்பதை அறிந்தவருக்கே மாறிய இடம் புலப்படும். ஆதலின் ஒருவர் எழுதிய கடிதங்கள் பல இருப்பின், எல்லாவற்றையும் ஒருமுறை படித்தபின் எல்லை குறிக்கத் தொடங்குவது நல்லது.

முகப்பு, நாள்வரி, விளி மூன்றையும் டெக்ஸ்ட் என்கோடிங் இனிஷியேட்டிவ் என்னும் குறிமுறையில் குறித்தால் கீழ்க்காணுமாறு அமையும். இம்முறையில் வரிமுறிவைக் காட்டும் `lb` என்னும் குறியே தாளின் அமைப்பைக் காக்கிறது. `dateline`, `salute` ஆகியவை உறுப்பைப் பெயரிடுகின்றன. இரண்டும் ஒன்றையொன்று அழிப்பதில்லை.

```xml
<opener>
 <seg type="invocation"><lb n="1"/>உ
 <lb n="2"/>சிவமயம்</seg>
 <dateline><lb n="3"/>சுங்கைசிப்புட்
 <lb n="4"/><date when="1941-10-28">விஷு௵ ஐப்பசி௴
 ௰௨௳ செவ்வாய்</date></dateline>
 <salute><lb n="5"/>ம-ரா-ரா-ஸ்ரீ மாமா அவர்கள் …
 <seg type="formula">இவ்விடம் யாவரும் …</seg></salute>
</opener>
```

எழுதியவர் பெயரே தொடக்கத் தொடரில் இடம்பெற்று, கடிதத்தின் அடியில் கையொப்பம் இல்லாத மிகப் பழைய கடிதங்களும் உண்டு. அவற்றில் `signed` என்னும் குறியை `opener` என்பதற்குள்ளேயே இட இம்முறை இடமளிக்கிறது. கையொப்பம் அடியில்தான் இருக்கவேண்டும் என்று கருதி, பெயரைக் கீழே இறக்கவேண்டியதில்லை.

கணினிக் குறிமுறையை விரும்பாதவர், சொற்செயலியில் பக்கத்தை இரு பத்தியாக்கி இடப்புறம் வரி எண்ணோடு மூலத்தையும் வலப்புறம் உறுப்பின் பெயரையும் எழுதலாம். கருவி எதுவாயினும், மூலமும் உறுப்பின் பெயரும் வெவ்வேறாக நிற்பதே வேண்டியது.

பத்தி

பத்தியைப் பிரிக்கும் உரிமை படியெடுப்பவருக்கு இல்லை என்று கூறினால் மிகையாகாது. தாளில் உள்ள சான்றே பத்தியைத் தீர்மானிக்கவேண்டும். முன்வரி பாதியில் நின்றிருத்தல், புதுவரி உள்ளடங்கித் தொடங்குதல், வரி நடுவே அகன்ற இடைவெளி ஆகியவை கண்ணால் காணும் சான்றுகள். ‘நிற்க’ என்பது சொல் வழிச் சான்று. பதினோராம் வரியில் சொல்லும் இடைவெளியும் சேர்ந்து வருகின்றன; ஐயமில்லை. ஏழாம் வரியில் சொல் மட்டுமே உள்ளது. இரண்டிடத்தும் பத்தி பிரிக்கலாம். ஆனால் ஏழாம் வரியில் பிரித்தது சொல்லை நம்பியே என்பதைக் குறிக்கவேண்டும். ‘நிற்க’ என்னும் சொல்லைப் புதுப்பத்தியின் தலையில் வைத்தலே பொருத்தம். வண்டி நிற்க நேரமாயிற்று என்பதுபோல் வினையாகவே வரும் இடத்தில் கண்மூடித்தனமாகப் பத்தி பிரித்துவிடக்கூடாது என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

எட்டாம் வரியில் ‘அறிந்தேன்’ என்பதற்குப் பின் தம்பியின் காய்ச்சல் பற்றிய செய்தி தொடங்குகிறது. ஒன்பதாம் வரியின் இறுதியில் பணச் செய்தி தொடங்குகிறது. பொருள் மாறுகிறதே எனப் பத்தி பிரிக்க மாணவர் விழைவர். பிரிக்கலாகாது. காய்ச்சலையும் மணியாடரையும் ஒரே மூச்சில் எழுதியிருப்பது எழுதியவரின் மனநிலைக்குச் சான்று. மருத்துவமனையையும் பணத்தையும் அவர் தனித்தனிச் செய்திகளாகக் கருதவில்லை போலும். அவற்றைப் பிரித்து அடுக்கினால் அவ்வாறு எண்ணுவதற்கே இடமின்றிப் போய்விடும்.

முடிப்பும் அதன் பின் வருவதும்

‘இப்படிக்கு’ அல்லது ‘இங்ஙனம்’ என்று தொடங்கும் கடிதங்களில் முடிப்பின் எல்லை தெளிவு. இம்மாதிரியில் அச்சொல் இல்லை. ‘தங்கள் பதிலை எதிர்பார்க்கும்’ என்று பதின்மூன்றாம் வரி முடிகிறது; பதினான்காம் வரியில் ‘மருமகன்’ தனித்து நிற்கிறது. கண்ணுக்குப் பதினான்காம் வரியே முடிப்பின் தொடக்கமாகத் தெரியும். இலக்கணம் வேறு கூறுகிறது. ‘எதிர்பார்க்கும்’ என்பது பெயரெச்சம். அது தழுவும் பெயர் ‘மருமகன்’. எச்சத்தைப் பத்தியில் விட்டுப் பெயரை முடிப்பில் வைத்தால் பத்தி முடியாத வாக்கியத்தோடு நிற்கும். எனவே ‘தங்கள் பதிலை’ என்பதிலிருந்தே முடிப்பு தொடங்குகிறது. வினைமுற்றையும் எச்சத்தையும் பிரித்தறியக் கற்பிக்கும் ஆசிரியருக்கு இஃது ஒரு நல்ல வகுப்புப் பயிற்சியாகவும் அமையும்.

‘அத்தைக்கு என் நமஸ்காரம் சொல்லவும்’ என்னும் தொடரை முடிப்போடு சேர்ப்பவர் உண்டு. அதுவும் வழக்குத் தொடர்தானே என்பது அவர்தம் வாதம். நாம் அதனைப் பத்தியிலேயே வைக்கின்றோம். க்ஷேமத் தொடரில் ‘யாவரும்’ என்பது எவரையும் சுட்டுவதன்று. இத்தொடரிலோ ஓர் உறவு சுட்டப்படுகிறது. யார் யாரை விசாரிக்கின்றார், யாரை விட்டுவிடுகின்றார் என்பதெல்லாம் குடும்ப வரலாற்றுக்குரிய செய்தி. அடுத்த கடிதத்தில் அத்தை விசாரிக்கப்படாமல் போனால் அதற்குக் காரணம் தேடவேண்டியிருக்கும்.

இனி ஓரத்து வரி. ‘தம்பிக்கு இப்போது சுகம்’ என்பதை ஒன்பதாம் வரிக்கு அருகே கொண்டுபோய்ச் சேர்த்தால் கடிதம் தெளிவாகிவிடும் என்று தோன்றும். அவ்வாறு சேர்த்தால், தம்பி மருத்துவமனையில் இருக்கிறான், அவனுக்குச் சுகம் என்று ஒரே வேளையில் கூறியதாகிவிடும். எழுதியவர் கடிதத்தை முடித்துக் கையொப்பமிட்டபின் ஏதோ செய்தி அறிந்து, மாமன் கலங்குவாரே என்று தாளைத் திருப்பி எழுதியிருக்கலாம். அல்லது மருத்துவமனைச் செய்தியை எழுதியபின் அதைப் படிக்கும் வயதானவரை நினைத்து ஆறுதலுக்காகவே சேர்த்திருக்கலாம். இவ்விரண்டில் எது என்பதைப் படியெடுப்பவர் முடிவு செய்யவேண்டியதில்லை. இரண்டுக்கும் இடமளிக்குமாறு ஓரத்து வரியை முடிப்புக்குப் பின் தனி உறுப்பாக வைத்து, அது நிற்கும் இடத்தைக் குறித்தால் போதும்.

```xml
<closer>
 <salute>தங்கள் பதிலை எதிர்பார்க்கும்</salute>
 <signed><lb n="14"/>மருமகன்</signed>
</closer>
<postscript rend="margin-left">
 <p>தம்பிக்கு இப்போது சுகம் பயப்படவேண்டாம்</p>
</postscript>
```

பதினைந்தாம் வரியின் கையொப்பத்தில் உள்ள பெயரை இங்கே தவிர்த்துள்ளோம். மூலக் கடிதமாயின் அதனையும் உள்ளவாறே `signed` என்பதற்குள் எழுதவேண்டும். கையொப்பம் கடிதத்தின் கையெழுத்திலிருந்து வேறுபட்டிருந்தால் அதனைக் குறிக்கத் தவறலாகாது. எழுதத் தெரியாதவருக்காகக் கிராணியோ அண்டை வீட்டாரோ எழுதிக் கொடுத்த கடிதங்கள் பல. அடியில் இருப்பது கோணல் எழுத்தில் தம் பெயர் மட்டும் எழுதியவர் கையொப்பமாகவோ பெருவிரல் ரேகையாகவோ இருக்கும். அத்தகைய கடிதத்தில் ‘ம-ரா-ரா-ஸ்ரீ’ முதலான தொடர்களை எழுதுநரின் நடை என்று கொள்ளமுடியாது. அவை எழுதிக் கொடுத்தவரின் நடை. ஓரத்து வரி யார் கையில் உள்ளது என்பது அப்போது இன்னும் முக்கியமாகிறது. எழுதிக் கொடுத்தவர் போனபின், வேறொருவரைக் கொண்டு எழுதிய வரியாகவும் அஃது இருக்கக்கூடும்.

நகலில் தெரியாதவை

மேற்கூறியவற்றுள் பல, மூலத்தாளைக் கண்டால்தான் தீர்பவை. கறுப்பு வெள்ளை நகலில் மையின் நிறவேறுபாடு மறைந்துவிடும். ஓரத்து வரி வேறு மையில் உள்ளதா என்பதை அறியமுடியாது. மங்கலக் கடிதங்களின் நான்கு மூலைகளிலும் தடவிய மஞ்சள், நகலில் வெறும் கறையாகவே தோன்றும். புகைப்படம் எடுப்பவர் தாளின் நான்கு விளிம்பும் தெரிய, பின்னணி சற்றே தெரியும்படி எடுக்கவேண்டும். விளிம்பை வெட்டி அழகுபடுத்தினால் முதலில் போவது ஓரத்து வரிதான். வான்கடிதத் தாளாயின் மடிப்புகளையும் தனித்தனியே எடுக்கவேண்டும். இடம் போதாமல் மடிப்பில் எழுதியவை, முடிப்புக்குப் பின் எந்த வரிசையில் வந்தன என்பதை மடிக்கும் முறையைக் கொண்டே ஊகிக்கமுடியும்.

மூலம் அழிந்து, முன்னர் எவரோ தட்டச்சு செய்த படி மட்டும் எஞ்சியிருக்கும் நிலையும் உண்டு. அப்படியில் பத்திகள் நேர்த்தியாகப் பிரிந்து, ஒவ்வொன்றும் ஒரு பொருளையே கூறுமாயின், அப்பிரிப்பு எழுதியவருடையதாக இருத்தல் அரிது. ‘நிற்க’ என்னும் சொல் பத்தியின் நடுவே சிக்கியிருந்தால் ஐயம் மேலும் வலுப்படும். நாள்வரி, விளி, முடிப்பு ஆகியவற்றைச் சொற்களைக் கொண்டு ஓரளவு மீட்கலாம். ‘பத்திப் பிரிப்பு முந்தைய படியெடுத்தவருடையது’ என்று தலையில் எழுதிவிட்டு, பத்தி எண்களைச் சுட்டி மேற்கோள் காட்டுவதைத் தவிர்க்கவேண்டும். ஓரத்தில் ஏதேனும் எழுதப்பட்டிருந்ததா என்பதை அத்தகைய படி காட்டாது.